உயிலில் தங்கையைக் கார்டியன் என்று எழுதினால், பிள்ளையின் அப்பா உயிரோடு இருக்கும்போது அது நிற்குமா?

தாழம்பூ
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இந்துக்கள். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆகிவிட்டது. மகளுக்கு ஒன்பது வயது. அவள் என்னிடம் இருப்பாள், மாதம் ஒருமுறை அவர் வந்து பார்க்கலாம் என்பது தீர்ப்பில் இருக்கிறது. முதலில் கொஞ்ச நாள் வந்தார், அப்புறம் வரவில்லை. ஜீவனாம்சம் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பெண் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

எனக்கு ஒன்று ஆகிவிட்டால் என் தங்கைதான் இவளை வளர்க்க வேண்டும். தங்கையும் அவள் கணவரும் முழு மனதோடு சம்மதித்துவிட்டார்கள். ஒரு ஃபிளாட் என் பெயரில் இருக்கிறது. கொஞ்சம் டெபாசிட், பிஎஃப், ஓர் இன்ஷூரன்ஸ் பாலிசி. உயில் எழுதி, தங்கையைக் கார்டியனாகப் போட்டுப் பதிவு செய்துவிட்டால் போதுமா? இல்லை, நான் போன மறுநாள் அவர் வந்து "நான் அப்பா" என்றால் பிள்ளையும் சொத்தும் அவர் கைக்குப் போய்விடுமா?

நேர்கோடு
மேடம், உயிலை சப் ரிஜிஸ்டிரார் ஆபீசில் பதிவு செய்துவிட்டால் அதை யாரும் அசைக்க முடியாது. அதோடு பேங்க், பிஎஃப், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றிலும் மகளை நாமினி ஆக்கிவிடுங்கள். முடிந்தது வேலை. எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம், ஒரு பிரச்சினையும் வரவில்லை.

கருப்புக்கோட்டு
நேர்கோடு தம்பி, உங்கள் வீட்டில் பிரச்சினை வராததற்குக் காரணம், எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாததுதான். பதிவு செய்தால் "இது அவர் கையெழுத்தே இல்லை" என்று சொல்வது கஷ்டமாகும், அவ்வளவுதான். உயிலில் எழுதியதைச் செய்ய எழுதியவருக்கு அதிகாரம் இருந்ததா என்பது வேறு கேள்வி. தாழம்பூவின் சிக்கல் அங்கேதான்.

குடும்ப நல நீதிமன்றத்தில் நிறைய வருடம் நின்றவன் என்பதால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். 1956 இந்து மைனர் கார்டியன் சட்டத்தின் 9-வது பிரிவுதான் உயில் மூலம் கார்டியன் நியமிப்பதைப் பேசுகிறது. அதன்படி, தாய் உயிலில் கார்டியனை நியமிக்கலாம். எப்போது? அவர் விதவையாக இருந்தால், அல்லது அப்பா கார்டியனாக இருக்கும் தகுதியை இழந்து, அதனால் தாய் இயற்கை கார்டியன், அதாவது யாரும் நியமிக்காமலே சட்டப்படி கார்டியன், ஆகியிருந்தால். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை என்றால் தாய்க்கு எப்போதும் அந்த உரிமை உண்டு. விவாகரத்தான தாய் என்று தனியாக ஒரு வரியும் அதில் கிடையாது. பிள்ளை உங்களிடம் இருக்கட்டும் என்று தீர்ப்பு சொன்னது கஸ்டடியைப் பற்றி. அப்பா கார்டியன் இல்லை என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை.

ஆக, உங்கள் உயிலில் தங்கை பெயர் இருப்பதாலேயே அவர் வழி அடைபடாது. ஆனால் அது வெறும் காகிதமும் இல்லை. சொத்து விஷயத்தில் உங்கள் உயிலுக்கு இருக்கும் பலம் வேறு, பிள்ளை விஷயத்தில் இருக்கும் பலம் வேறு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுவதுதான் பெரும்பாலான உயில்களில் நான் பார்க்கும் கோளாறு.

வாரக்கடைசி அப்பா
நானும் விவாகரத்தானவன்தான். வாரக் கடைசியில் மட்டும் மகனைப் பார்க்கிறவன். படித்ததும் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. உயிரோடு இருக்கிற அப்பாவைத் தாண்டி சித்திக்குப் பிள்ளையை எழுதி வைப்பது என்ன நியாயம்? பிள்ளை என்ன, ஃபிளாட்டா? 2019-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதே. தாய் புற்றுநோயில் இறந்துபோனார், குழந்தை தாய்வழிச் சொந்தங்களிடம் வளர்ந்துகொண்டிருந்தது. அப்பாவிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள்.

கருப்புக்கோட்டு
அந்தத் தீர்ப்பு உண்மைதான், நல்ல உதாரணமும் கூட. ஆனால் முழுக்கப் பாருங்கள். அங்கே அப்பா குழந்தையை விட்டுவிட்டுப் போகவில்லை. மனைவிக்குச் சிகிச்சை நடந்தபோது அவரும் கடுமையான நோயில் விழுந்துவிட்டார், அதனால்தான் குழந்தை சொந்தக்காரர்களிடம் போனது. குணமானதும் கேட்டார். கொடுக்க மறுத்தார்கள். ஆட்கொணர்வு மனு போட்டு வாங்கினார். அப்படிப்பட்ட அப்பாவுக்கு எதிராக எந்த உயிலும் நிற்காது, நிற்கவும் கூடாது.

இப்போது மறுபக்கம். 2008-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த ஒரு வழக்கில் தாய் இறந்த விதமே சந்தேகத்துக்கு உரியது. அப்பா மேல் வரதட்சணைச் சாவு வழக்கு நடந்துகொண்டிருந்தது. சிறுவன் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தான். அப்பாதானே இயற்கை கார்டியன் என்று கீழ்க் கோர்ட்டுகள் அப்பா பக்கம் சாய்ந்தன. சுப்ரீம் கோர்ட் அந்தச் சிறுவனிடமே பேசியது. தாத்தா பாட்டியோடு இருக்கிறேன் என்றான். அங்கேயே இருக்கட்டும் என்று விட்டார்கள். மறு வருடம், 2009-ல், இன்னொரு வழக்கு. பிரசவத்தில் தாய் இறந்த குழந்தை. பிறந்ததிலிருந்து வளர்த்த தாய்வழிப் பாட்டியிடமே இருக்கட்டும் என்றார்கள். அதில் அப்பா உயிரோடுதான் இருந்தார்.

இரண்டு பக்கமும் ஒரே அளவுகோல்தான், பிள்ளையின் நலன். 1956 சட்டத்தின் 13-வது பிரிவு அதைத்தான் தலையாயது என்கிறது. பிள்ளை ஃபிளாட் இல்லை என்று நீங்கள் சொன்னது சரி. அதே வாதம் அப்பாவுக்கும் பொருந்தும். "நான் அப்பா, கொடு" என்பதும் பிள்ளையைச் சொத்தாகப் பார்ப்பதுதான்.

சங்கர்_ரெண்டு_பசங்க
இதே தலைப்பு என்பதால் என் கேள்வியையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். நாங்கள் கணவன் மனைவி இருவரும் உயில் எழுதியிருக்கிறோம். என் உயிலில் கார்டியனாக என் அண்ணன். அவள் உயிலில் அவளுடைய அம்மா. ஒரு விபத்தில் இருவருமே போய்விட்டால் யார் சொன்னது செல்லும்? நான் அப்பா என்பதால் என் உயில்தானே?

கருப்புக்கோட்டு
பெரும்பாலும் இல்லை. அப்பா உயிலில் ஒருவரை நியமித்துவிட்டு முதலில் இறந்து, தாய் உயிரோடு இருந்தால், அந்த நியமனம் செயல்படாது. தாய்தான் கார்டியன். பிறகு தாயும் யாரையும் நியமிக்காமல் இறந்தால் அப்பாவின் நியமனத்துக்கு மறுபடி உயிர் வரும். தாய் ஒருவரை நியமித்திருந்தால் அவர் சொன்னவர்தான். ஆக, உங்களுக்குப் பிறகு அவர் ஒரு மணி நேரம் இருந்திருந்தாலும் பாட்டிதான் கார்டியன் என்று வாதாட இடம் இருக்கிறது. அவர் முதலில் போய் நீங்கள் பிறகு போனால் உங்கள் அண்ணன். இருவரும் ஒரே நொடியில் போனால் யார் முதலில் என்ற சண்டை வரும். வாரிசு சட்டத்தில், யார் முதலில் என்று தெரியாவிட்டால் இளையவர் பிறகு இறந்ததாக எடுத்துக்கொள்ள ஒரு விதி இருக்கிறது. ஆனால் அது சொத்து யாருக்கு இறங்கும் என்பதற்காக எழுதப்பட்டது.

இதற்கு இருக்கும் ஒரே மருந்து, இன்றைக்கு ராத்திரியே மனைவியோடு உட்கார்ந்து இருவரும் ஒரே பெயரைத் தேர்ந்தெடுப்பது. அவருக்கு முடியாமல் போனால் அடுத்தவர் யார் என்பதும் இரண்டு உயிலிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

சங்கர்_ரெண்டு_பசங்க
ஒரே பெயரா! கல்யாண மெனுவையே நாங்கள் ஒன்றாக முடிவு செய்யவில்லை சார். சரி, முயற்சி செய்கிறேன்.

தாழம்பூ
கருப்புக்கோட்டு ஐயா, நன்றி. கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. ஒருவேளை நான் இன்னும் இரண்டு வருடத்தில் போய்விட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். அவளுக்குப் பதினொரு வயது. அன்றைக்கு என்ன நடக்கும், படிப்படியாகச் சொல்ல முடியுமா?

கருப்புக்கோட்டு
நூறு வயது இருங்கள். ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

முதல் நாள் பிள்ளை தங்கை வீட்டில் இருப்பாள். யாரும் வந்து தூக்கிக்கொண்டு போகப்போவதில்லை. அவர் வராமலே இருந்துவிடவும் வாய்ப்பு உண்டு. நான் பார்த்த பாதி வழக்குகளில் அப்பா வந்தது பிள்ளைக்காக இல்லை, இன்ஷூரன்ஸ் பணம் வருகிறது என்று யாரோ சொன்ன பிறகுதான்.

வந்தார் என்றால் அவருக்கு இரண்டு வழி. 1890 கார்டியன் சட்டத்தின் கீழ் கஸ்டடி கேட்டுக் குடும்ப நல நீதிமன்றத்தில் மனு போடுவார். அல்லது உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறாளோ அந்த ஊர் நீதிமன்றத்துக்குத்தான் கார்டியன் மனு போகும் என்பதால், தங்கை வேறு ஊரில் இருந்தால் அதை இப்போதே யோசியுங்கள். தங்கை அவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தானே முந்திக்கொண்டு, தன்னைக் கார்டியன் என்று அறிவிக்கும்படி மனு போடலாம், போடவும் வேண்டும். அதோடு, கார்டியனாக இருக்கச் சம்மதம் என்று தங்கை கையெழுத்திட்டு இரண்டு சாட்சிகள் உறுதி செய்த அறிக்கை இருக்க வேண்டும். அப்பாவுக்கு நோட்டீஸ் போகும். அதைத் தவிர்க்க முடியாது.

நீதிபதி என்ன பார்ப்பார்? அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு எழுதியே வைத்திருக்கிறது. பிள்ளையின் வயது, பெண்ணா ஆணா, மதம், கார்டியனாக வருகிறவரின் குணமும் தகுதியும், உறவின் நெருக்கம், இதுவரை அவருக்கும் பிள்ளைக்கும் இருந்த பழக்கம், இறந்துபோன பெற்றோரின் விருப்பம் ஏதாவது இருந்தால் அது. கடைசியாகச் சொன்ன இடத்தில்தான் உங்கள் உயில் உள்ளே நுழைகிறது. கட்டளையாக இல்லை, விருப்பமாக. சுயமாக ஒரு முடிவு சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம் என்கிறது. பதினொரு வயதுப் பிள்ளையை எந்த நீதிபதியும் கேட்காமல் விடமாட்டார்.

அங்கே எடை கூடுவது, உயிலில் வெறும் பெயர் இருப்பதால் இல்லை. ஏன் அந்தப் பெயர் என்பதைக் காட்டும் காகிதங்களால். மாதம் ஒருமுறை பார்க்கலாம் என்று தீர்ப்பு இருந்தும் எத்தனை முறை வந்தார், ஜீவனாம்சம் எந்த மாதம் வந்தது எந்த மாதம் வரவில்லை, பள்ளிக்கூடத்தின் பெற்றோர் கூட்டத்துக்கு யார் போனது, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி சீட்டில் யார் பெயர். இவற்றை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள். அவர் அனுப்பிய குறுஞ்செய்திகளையும் அழிக்காதீர்கள். அவர் வரமுடியாது என்று எழுதியதாகவே இருந்தாலும்.

வாரக்கடைசி அப்பா
அதாவது இப்போதிருந்தே அவருக்கு எதிராக ஃபைல் போடச் சொல்கிறீர்கள்.

கருப்புக்கோட்டு
வந்த நாளையும் எழுதிவைக்கச் சொல்கிறேன், வராத நாளையும். அவர் ஒழுங்காக வந்தால் அந்த ஃபைல் அவர் பக்கம்தான் பேசும்.

சித்தி_தான்
இந்த இழையை அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். நான் அந்தத் தங்கையின் இடத்தில் இருக்கிறவள். அக்கா விதவை. உயிலில் என் பெயரை எழுதிவிட்டுப் போனாள். அத்தான் முன்பே போய்விட்டதால் எங்களுக்கு எதிர்ப்பு யாரும் இல்லை. உயில் தெளிவு. அப்படியும் பட்ட பாடு கொஞ்சமில்லை.

பள்ளிக்கூடத்தில் உயிலின் நகலைக் காட்டியதும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு வங்கியில் மட்டும் டெபாசிட் விஷயத்தில் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாருங்கள்" என்று விடாப்பிடி. உயிலில் நியமிக்கப்பட்டவருக்குச் சட்டப்படி கோர்ட் ஆர்டர் தேவையில்லை என்று எங்கள் வக்கீல் கடிதம் கொடுத்தார். கவுண்டரில் இருக்கிறவருக்கு அது புரியவில்லை, புரிந்தாலும் ரிஸ்க் எடுக்க மனமில்லை. கடைசியில் கோர்ட்டில் போய் அறிவிப்பு ஆர்டர் வாங்கினோம். அது கையில் வந்த பிறகு எல்லாக் கதவும் திறந்தது.

கோர்ட்டில் நடந்தது ஒன்று. நீதிபதி அக்கா பையனைத் தன் அறைக்குத் தனியாகக் கூப்பிட்டார். என்ன கேட்டார் என்று வெளியே வந்ததும் கேட்டேன். "ராத்திரி பயந்தா யார் பக்கத்துல போய்ப் படுப்பேன்னு கேட்டாங்க" என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லையாம். கிரிக்கெட் பேசிவிட்டு அனுப்பிவிட்டார்.

தாழம்பூ, உங்கள் தங்கையின் கணவரையும் கோர்ட்டில் பார்ப்பார்கள். அவர் மனசார இருக்கிறாரா என்பது முக்கியம். என் வீட்டுக்காரரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள்.

நேர்கோடு
சரி, பிள்ளை விஷயம் புரிந்தது. ஆனால் சொத்து? நாமினி மகள் என்றால் பணம் மகளுக்குத்தானே போகும், அப்பா எப்படித் தொட முடியும்?

கருப்புக்கோட்டு
இந்தக் கேள்வியைக் கேட்டது நல்லது. மகளுக்குப் போகும், ஆனால் மகள் மைனர். மைனரின் பணத்தை யாரோ ஒருவர்தான் வாங்கி வைத்திருக்க வேண்டும். இன்ஷூரன்ஸில் நாமினி மைனராக இருந்தால் பணத்தை வாங்குவதற்கு ஒரு அப்பாயின்டி பெயர் இருக்கும். பிஎஃப் நாமினேஷன் படிவத்திலும் மைனர் நாமினிக்குக் கார்டியன் பெயர் கேட்கும் கட்டம் இருக்கிறது. தாழம்பூ, பாலிசி கல்யாணத்துக்குப் பின் எடுத்ததா? அப்பாயின்டி இடத்தில் யார் பெயர் என்று பார்த்தீர்களா?

தாழம்பூ
இப்போதுதான் அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அவர் பெயர். பிஎஃபில் நாமினியே அவர். விவாகரத்துக்குப் பிறகு மாற்றவே இல்லை.

கருப்புக்கோட்டு
இரண்டையும் மாற்றுங்கள். உயிலுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அது. இந்த இரண்டு பணமும் உயில் வழியாக வராமல் நாமினேஷன் வழியாகப் போகும் பணம்.

இனி ஃபிளாட்டும் டெபாசிட்டும். நீங்கள் உயிலே எழுதாமல் போனால், விவாகரத்தானவர் கணவர் இல்லை என்பதால் அவருக்குப் பங்கு கிடையாது, எல்லாம் மகளுக்குத்தான். ஆனால் அவள் மைனர், அவர் இயற்கை கார்டியன். மகள் பெயரில் இருக்கும் சொத்தை நிர்வாகம் செய்ய அவர் வரலாம். இதில் மக்கள் பயப்படுவது தவறான இடத்தில். ஃபிளாட்டை அவர் நினைத்தால் விற்க முடியாது. மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ எந்தக் கார்டியனுக்கும் முன்கூட்டியே கோர்ட் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றால், பெண் பதினெட்டு ஆனபின் மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டு அந்த விற்பனையை ரத்து செய்யலாம். அனுமதி இல்லாமல் ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்குக் கூட விட முடியாது. தங்கை கார்டியனானாலும் இதே கட்டுப்பாடுதான்.

கரைவது ரொக்கம். டெபாசிட்டுக்கு இந்தக் காவல் இல்லை. பிள்ளையின் படிப்புக்குத்தான் எடுத்தேன் என்று சொல்லி எடுத்துவிட்டால், பத்து வருடம் கழித்து அந்தப் பெண் யாரிடம் போய்க் கணக்குக் கேட்பாள்?

அதனால் சொத்தை நேரடியாக மகள் பெயரில் எழுதாதீர்கள். உயிலிலேயே ஒரு டிரஸ்ட் உண்டாக்கி, நம்பகமான இரண்டு டிரஸ்டிகள் பெயரில், மகளின் நலனுக்காக என்று எழுதுங்கள். இதில் தாய்க்கு உயில் எழுதும் அதிகாரம் இருக்கிறதா என்ற கேள்வியே எழாது. உங்கள் சொத்து, உங்கள் இஷ்டம். டிரஸ்டிகள் கையில் இருப்பது மைனரின் கார்டியன் நிர்வகிக்க வரும் சொத்து இல்லை. நாளைக்கே கோர்ட் பிள்ளையை அப்பாவிடம் கொடுத்தாலும் பணம் டிரஸ்டிகளிடம்தான் இருக்கும். படிப்பு, மருத்துவம், அவசியச் செலவுக்கு அவர்கள் கொடுப்பார்கள். பணத்துக்காக மட்டும் வருகிறவர் அந்த இடத்தில் நின்றுவிடுவார். நிஜமாகவே பிள்ளைக்காக வருகிறவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

தாழம்பூ
டிரஸ்டியாகவும் தங்கையையே போடலாமா?

கருப்புக்கோட்டு
போடலாம், ஆனால் தனியாக வேண்டாம். பிள்ளையை வளர்ப்பவரே பணத்தையும் தனியாக வைத்திருந்தால், எதிராளியின் வக்கீலுக்கு முதல் கேள்வி தயார்: "பிள்ளை மேல் பாசமா, ஃபிளாட் மேல் பாசமா?" தங்கை ஒருவர், உங்கள் தம்பியோ நெடுநாள் தோழியோ இன்னொருவர். உயிலில் நியமித்த கார்டியனையும் கோர்ட் நீக்கலாம். பிள்ளையைக் கவனிக்காமல் விடுவது, நம்பிக்கையை மீறுவது, அவருடைய நலனும் பிள்ளையின் நலனும் மோதுவது போன்ற காரணங்கள் 1890 சட்டத்தின் 39-வது பிரிவில் இருக்கின்றன. அந்த மோதல் உங்களுக்கு முன்பே தெரிந்து, தெரிந்தே நியமித்திருந்தால் அதை மட்டும் காரணமாகக் காட்டி நீக்க முடியாது. ஆகவே தங்கைக்கு உங்களோடு ஏதாவது சொத்துக் கணக்கு இருந்தால், "இது எனக்குத் தெரியும்" என்று உயிலிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

எந்த வயதில் மகள் கைக்குப் போக வேண்டும் என்பதை வக்கீலோடு உட்கார்ந்து எழுதுங்கள். சும்மா "இருபத்தைந்து வயதில் கொடுக்க வேண்டும்" என்று எழுதினால், டிரஸ்டில் அவள் ஒருத்தியே பயனாளி என்பதால் பதினெட்டிலேயே கேட்டு வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. வாக்கியம் அமைக்கும் விதத்தில்தான் விஷயம்.

வாரக்கடைசி அப்பா
டிரஸ்ட் விஷயம் எனக்கும் சரியாகப் படுகிறது. என் முன்னாள் மனைவி அப்படி எழுதினால் நான் கவலைப்பட மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி. கார்டியன் நியமனம் செல்லாது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் ஏன் எழுத வேண்டும்?

கருப்புக்கோட்டு
செல்லவே செல்லாது என்று நான் சொல்லவில்லை. 1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில் சுப்ரீம் கோர்ட், அப்பா, "அவருக்குப் பிறகு" தாய் என்று சட்டத்தில் இருப்பதை, அப்பா இல்லாதபோது என்று படித்தது. இறந்துபோனால் மட்டும் என்று இல்லை. பிள்ளை விஷயத்தில் முழு அலட்சியமாக இருந்தாலும், பிள்ளை தாயின் பொறுப்பிலேயே இருந்தாலும் அந்தக் கட்டத்தில் தாய் இயற்கை கார்டியனாகச் செயல்படலாம் என்றது. அதை வைத்து, பிள்ளையை எட்டிப் பார்க்காத அப்பா தகுதி இழந்தவர், ஆகவே தாயின் உயில் நியமனம் செல்லும் என்று வாதாடலாம். நான் தாழம்பூவின் பக்கம் நின்றால் வாதாடுவேன். எதிர்ப் பக்கம் நின்றால், அந்த வழக்கு தாய் உயிரோடு இருக்கும்போது செய்யும் காரியத்தைப் பற்றியது, 9-வது பிரிவைப் பற்றியது இல்லை என்பேன். எந்த நீதிபதி எப்படி எடுப்பார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இன்னும் உறுதியான வழி ஒன்று இருக்கிறது, கொஞ்சம் கசப்பானது. உயிரோடு இருக்கும்போதே கோர்ட்டுக்குப் போய், அவர் கார்டியனாக இருக்கத் தகுதியில்லை என்றும் உங்களைக் கார்டியன் என்றும் உத்தரவு வாங்குவது. அது கிடைத்தால் உயில் நியமனத்துக்குக் கீழே தரை உறுதியாகிவிடும். ஆனால் அதற்குத் தகுதியின்மையை நிரூபிக்க வேண்டும். பணம் தாமதமாக அனுப்புகிறார் என்பது மட்டும் போதாது. அமைதியாக ஒதுங்கியிருப்பவரைச் சண்டைக்கு இழுப்பதாகவும் முடியலாம்.

சித்தி_தான்
என் அபிப்பிராயம், அந்த வழக்கு வேண்டாம். அவரிடமே பேசிப் பாருங்களேன். "எனக்கு ஏதாவது ஆனால் அவள் சித்தியிடம் வளரட்டும், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்" என்று அவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்க முடிந்தால்?

கருப்புக்கோட்டு
அந்தக் கடிதம் அவரைக் கட்டாது, பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நீதிபதி முன்னால் அதற்கு நல்ல மதிப்பு இருக்கும். கிடைத்தால் விடாதீர்கள்.

உயிலில் எழுதும்போது இந்த அளவில் இருக்கட்டும்: "என் மகளின் கார்டியனாக என் தங்கையை நியமிக்கிறேன். அவரால் இயலாவிட்டால் என் தம்பியை. சட்டப்படி இந்த நியமனம் செல்லாது என்று நீதிமன்றம் கருதினால், இதை என் விருப்பமாக ஏற்று, மகளுக்கும் தங்கைக்கும் இருக்கும் நெருக்கத்தைக் கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். மகள் தன் தந்தையைப் பார்க்க விரும்பும்போது அதற்குத் தடை இருக்கக் கூடாது." அந்தக் கடைசி வரியைக் கண்டிப்பாக எழுதுங்கள். அப்பாவைத் திட்டி எழுதிய உயில் கோர்ட்டில் எடுபடாது. கோபத்தில் எழுதியது என்று தள்ளிவிடுவார்கள். குறைகளை எழுத வேண்டுமானால் தேதியோடு தனிக் கடிதத்தில் எழுதி, உயிலோடு வையுங்கள். சாட்சிக் கையெழுத்து இரண்டும் தங்கை வீட்டார் இல்லாமல் இருப்பது நல்லது.

குயில்தோப்பு
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நாங்கள் கிறிஸ்தவர்கள். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

கருப்புக்கோட்டு
1956 சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியர்களுக்கு. உங்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன் 60-வது பிரிவில் அப்பா உயிலில் கார்டியனை நியமிக்கலாம் என்று இருக்கிறது. அம்மாவைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 1890 சட்டமும் பிள்ளையின் நலன் என்ற அளவுகோலும் எல்லாருக்கும் பொது. முஸ்லிம் குடும்பங்களுக்கு அவர்கள் சட்டப்படி கணக்கே வேறு, அதை ஒரு பதிலில் அடக்க முடியாது. தனி இழை போடுங்கள்.

சங்கர்_ரெண்டு_பசங்க
மனைவியோடு பேசிவிட்டேன். அண்ணனும் வேண்டாம், மாமியாரும் வேண்டாம், அவளுடைய அக்கா என்று முடிவாகியிருக்கிறது. அண்ணனிடம் யார் சொல்வது என்பதுதான் இப்போதைய பிரச்சினை. அது இருக்கட்டும். பெற்றோர் இருவருமே இல்லை, உயிலும் இல்லை என்றால் கோர்ட் யாரைப் பார்க்கும்? சித்தியா, தாத்தா பாட்டியா?

கருப்புக்கோட்டு
விதி கிடையாது. கோவிடில் பெற்றோர் இருவரையும் இழந்த ஒரு சிறுவனின் வழக்கு 2022-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. உயர் நீதிமன்றம் தாயின் சகோதரியிடம் கொடுத்திருந்தது. வயது குறைவு, அரசு வேலை, கூட்டுக் குடும்பம் என்பது காரணம். சுப்ரீம் கோர்ட் அதை மாற்றி அப்பா வழித் தாத்தா பாட்டியிடம் கொடுத்தது. தாத்தாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வருமானமும் வயதும் மட்டும் அளவுகோல் ஆகாது, பேரன் மேல் அவர்களுக்கு இருக்கும் ஒட்டுதல் பெரிது என்றார்கள். அந்தப் பெற்றோர் ஒரு பெயரை எழுதி வைத்திருந்தால் அது 17-வது பிரிவின் கீழ் தராசில் ஏறியிருக்கும். முடிவு மாறியிருக்குமா என்று நான் ஊகிக்க மாட்டேன்.

தாழம்பூ
பிஎஃப் நாமினேஷனை ஆன்லைனில் மாற்றிவிட்டேன். பாலிசிக்கு நாளைக்குப் போகிறேன். அப்பாயின்டியாகத் தங்கை பெயர். ஐயா, ஒரு சந்தேகம் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் பணத்தைத் தங்கை வாங்கிவிட்டால், அது மகளின் பணம் ஆகிவிடுமே. டிரஸ்டுக்குள் வராதே. அப்போது அவர் வந்து, நான் இயற்கை கார்டியன், அந்தப் பணத்தை என்னிடம் கொடு என்று கேட்டால்?

கருப்புக்கோட்டு
கேட்கலாம். நல்ல ஓட்டையைத்தான் பிடித்திருக்கிறீர்கள். அப்பாயின்டியின் வேலை பணத்தை வாங்கும் வரைக்கும்தான். அதற்கு மேல் வைத்திருக்கும் உரிமை யாருக்கு என்பது கார்டியன் மனுவோடு சேர்த்துத்தான் முடிவாகும். பாலிசியை டிரஸ்டுக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதற்கு ஒன்றிரண்டு யோசனை இருக்கிறது. ஆனால் பாலிசியைக் கண்ணால் பார்க்காமல் எழுத மாட்டேன். உங்கள் வக்கீலிடம் உயிலோடு பாலிசியையும் எடுத்துப் போங்கள்.

நேர்கோடு
நானும் எங்கள் வீட்டுப் பாலிசிகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் அப்பாயின்டி என் தாத்தா. அவர் போய் ரொம்ப வருடமாகிறது.